மீட்டர் இலக்கங்கள் வீடியோவில் மினுக்கினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நேரில் பார்த்தால் மீட்டரில் ஆறு இலக்கமும் அசையாமல் எரிகின்றன. அதையே வீடியோ எடுத்து, ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் இரண்டு இலக்கம்தான் இருக்கிறது, மற்றவை இருட்டு. அடுத்த ஃப்ரேமில் வேறு இரண்டு. இதை அப்படியே இலக்கம் படிக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் அது 47 என்றும் 86 என்றும் ஏதேதோ சொல்லும். படம் மங்கல் என்று நினைத்து விலை கூடிய கேமரா வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கேமராவில் குறை இருக்காது. மீட்டர் எரியும் விதமும் கேமரா பார்க்கும் விதமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும்.

## முதலில் ஒரு சோதனை: மினுக்குவது எது?

அறை விளக்கை அணையுங்கள். முடியாவிட்டால் கேமராவையும் மீட்டரையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடுங்கள். இலக்கங்கள் இருட்டிலும் தாமாகவே எரிந்தால் அது எல்.இ.டி திரை. இருட்டில் எதுவும் தெரியாமல், வெளிச்சம் பட்டாலோ பின்விளக்கு எரிந்தாலோ மட்டும் வெளிர் பின்னணியில் கறுப்பாகத் தெரிந்தால் அது எல்.சி.டி. மின்னணு நீர் மீட்டர்கள் பேட்டரியில் ஓடுவதால் அவற்றில் பெரும்பாலும் எல்.சி.டிதான் இருக்கும். மின் மீட்டர்களில் இரண்டும் உண்டு.

இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி எல்.இ.டி பற்றியது, ஏனென்றால் உண்மையிலேயே மினுக்குவது அதுதான். எல்.சி.டிக்கான பகுதி கடைசியில் இருக்கிறது.

எல்.இ.டி திரையில் ஆறு இலக்கமும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. கம்பிகளை மிச்சப்படுத்த, உள்ளே இருக்கும் சிப் முதல் இலக்கத்தை ஓரிரு மில்லிநொடி எரியவிட்டு அணைக்கிறது. அப்புறம் இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஆறாவது வரை போய் மறுபடி முதலுக்கு வருகிறது. எந்த நொடித்துளியை எடுத்தாலும் எரிவது ஒரே ஒரு இலக்கம்தான். இந்தச் சுற்று நொடிக்கு ஐம்பது அறுபது தடவைக்கு மேல் நடந்தால் நம் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரிகிறது. கேமரா ஒரு ஃப்ரேமுக்காக ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும் நேரம் இந்தச் சுற்றைவிடக் குறைவாக இருந்தால், அந்த நேரத்தில் எது எரிந்ததோ அது மட்டும் பதிவாகும்.

இதிலிருந்து ஒன்று கிடைக்கிறது, கடைசி வரை அதை நினைவில் வையுங்கள்: எல்.இ.டி வீடியோவில், ஓர் இலக்கத்தை உருவாக்கும் ஏழு கோடுகளில் எரிய வேண்டிய கோடு காணாமல் போகலாம். எரியாத கோடு எரிந்ததாகத் தெரிவது மிக அரிது. பிழை கிட்டத்தட்ட எப்போதும் ஒரே பக்கமாகத்தான் நடக்கும்.

## அறிகுறி: ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இலக்கம் காணவில்லை

எக்ஸ்போஷர் நேரம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், சுற்று நேரத்தைவிடக் குறைவு. திரை பிரகாசமாக இருப்பதால் கேமரா தானாகவே ஷட்டரை 1/500 அல்லது 1/1000 நொடிக்குக் கொண்டுபோய்விடுகிறது. நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் இலக்கம் காணாமல் போவதும், மங்கிய வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் தெரிவதும் இதனால்தான்.

மறுபடி வீடியோ எடுக்க முடியுமென்றால் மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம், எக்ஸ்போஷரை நீட்டுங்கள். எவ்வளவு நீட்டுவது என்பதற்கு முதலில் சுற்று நேரம் தெரிய வேண்டும். அதை அளக்க எனக்குப் பிடித்த வழி இது. ஃபோன் கேமராவின் ப்ரோ முறையில் ஷட்டரை 1/10 நொடிக்கு வைத்து, இருட்டில், படம் எடுக்கும் அந்தக் கணத்தில் ஃபோனைச் சட்டென்று மேலிருந்து கீழாக அசையுங்கள். வீடியோ வேண்டாம், ஒரே ஒரு படம் போதும். ஒவ்வொரு இலக்கமும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பல பிரதிகளாக விழும், பக்கத்து இலக்கங்கள் படிக்கட்டுப்போலச் சற்றே தள்ளி நிற்கும். ஓர் இலக்கத்தின் பிரதிகளை எண்ணுங்கள். 8 பிரதி என்றால் 100 மில்லிநொடியில் சுமார் 8 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 12 மில்லிநொடி போல. பிரதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இன்னும் வேகமாக அசைத்துப் பாருங்கள். மூன்று நான்கு படம் எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஓரத்தில் நிற்கும் அரைப் பிரதியை எண்ணுவதா விடுவதா என்ற குழப்பம் எப்போதும் வரும்.

சுற்று 12 மில்லிநொடி என்றால் எக்ஸ்போஷரை அதன் முழு மடங்காக வைக்க வேண்டும்: 24, 36, 60 என்று. 24 வைத்தால் ஒவ்வொரு இலக்கமும் சரியாக இரண்டு தடவை எரிந்திருக்கும், எல்லாம் ஒரே பிரகாசத்தில் வரும். 30 வைத்தால் சில இலக்கம் மூன்று தடவையும் சில இரண்டு தடவையும் எரிந்திருக்கும். இலக்கங்களுக்கு இடையே பிரகாசம் மூன்றுக்கு இரண்டு என்று மாறும், ஆனால் எதுவும் காணாமல் போகாது. அதுவும் பரவாயில்லை.

அறை விளக்கு இதில் குறுக்கிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கின்றன, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒருமுறை. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் அது 120 தடவை. விளக்கை அணைக்கவோ மறைக்கவோ முடியாத இடத்தில் இரண்டுக்கும் பொதுவான எக்ஸ்போஷரைத் தேடுங்கள். நம் கணக்கில் 60 மில்லிநொடி என்பது 12-இன் ஐந்து மடங்கு, 10-இன் ஆறு மடங்கு. இரண்டு துடிப்பும் ஒரே அடியில் அடங்கிவிடும். அவ்வளவு நீளமான எக்ஸ்போஷருக்கு நொடிக்கு 30 ஃப்ரேம் வாய்க்காது, 15 ஃப்ரேமுக்கு இறங்க வேண்டும். தாராளமாக இறங்குங்கள். மீட்டரின் கடைசி இலக்கமே பல நொடிக்கு ஒருமுறைதான் மாறுகிறது, அதைப் பார்க்க 30 ஃப்ரேம் வேண்டியதில்லை.

லினக்ஸில் யு.எஸ்.பி கேமரா என்றால் கட்டளைகள் இவை. எக்ஸ்போஷர் எண்ணின் அலகு 0.1 மில்லிநொடி, ஆகவே 600 என்றால் 60 மில்லிநொடி:

```
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 -c exposure_time_absolute=600
v4l2-ctl -d /dev/video0 -c gain=0
v4l2-ctl -d /dev/video0 -p 15
```

இதில் `auto_exposure=1` என்பது கையால் அமைக்கும் முறை. எண்ணைப் பார்த்து தானியங்கி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய கெர்னல்களில் இதே அமைப்புகளின் பெயர் `exposure_auto`, `exposure_absolute` என்று இருக்கும். உங்கள் கேமராவில் என்ன பெயர், எந்த எல்லை வரை அனுமதி என்று `v4l2-ctl -L` காட்டும்.

## அறிகுறி: அதேதான், ஆனால் வீடியோ ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது

இப்போது எக்ஸ்போஷரைத் தொட முடியாது. ஃப்ரேம்களைச் சேர்த்துத்தான் முழு எண்ணை மீட்க வேண்டும். எல்.இ.டியில் பிழை ஒரே பக்கமாக நடப்பதால் சேர்க்கும் விதியும் எளிது: ஒவ்வொரு புள்ளிக்கும், எல்லா ஃப்ரேம்களிலும் இருந்த மிக அதிகப் பிரகாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஆறில் ஒரு பங்கு நேரமே எரிந்த இலக்கம் ஆறில் ஒரு பங்காக மங்கிவிடும். நடு மதிப்பு, அதாவது மீடியன் எடுத்தால் அடியோடு மறைந்துவிடும்.

எத்தனை ஃப்ரேம் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டே பார்ப்போம். ஆறு இலக்கம், ஒவ்வொன்றும் 2 மில்லிநொடி, சுற்று 12 மில்லிநொடி. வீடியோ நொடிக்கு 30 ஃப்ரேம், எக்ஸ்போஷர் 1/1000 நொடி, அதாவது 1 மில்லிநொடி. மீட்டரில் இருக்கும் எண் 047386, கடைசி இலக்கம் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு.

இரண்டு ஃப்ரேமுக்கு இடையே 33.33 மில்லிநொடி. அதில் இரண்டு முழுச் சுற்று போக மீதி 9.33. ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமும் சுற்றில் முந்தைய ஃப்ரேமைவிட 9.33 மில்லிநொடி தள்ளி விழுகிறது. முதல் ஃப்ரேம் 0-இல் தொடங்கினால் அடுத்தது 9.33, பிறகு 6.67, 4.00, 1.33, 10.67, 8.00, 5.33, 2.67 என்று போய், பத்தாவது ஃப்ரேம் மறுபடி 0-இல் விழும். 0 முதல் 2 வரை முதல் இலக்கம், 2 முதல் 4 வரை இரண்டாவது என்று வைத்துப் பார்த்தால் ஃப்ரேம்களில் தெரிவது இப்படி இருக்கும் (புள்ளி என்றால் இருட்டு, அடைப்புக்குள் இருப்பது மங்கல்):

```
1   0  .  .  .  .  .
2   .  .  .  .  8 (6)
3   .  .  .  3  .  .
4   .  .  7  .  .  .
5   0 (4) .  .  .  .
6   .  .  .  .  .  6
7   .  .  .  .  8  .
8   .  .  7 (3) .  .
9   .  4  .  .  .  .
```

ஒன்பது ஃப்ரேமில், அதாவது 0.3 நொடியில், ஆறு இலக்கமும் குறைந்தது ஒரு தடவையாவது முழுப் பிரகாசத்தில் வந்துவிட்டன. நான்காவது இலக்கமான 3 முழுதாக வந்தது மூன்றாவது ஃப்ரேமில் மட்டும், 4 வந்தது ஒன்பதாவதில் மட்டும். ஐந்து ஃப்ரேமோடு நிறுத்தியிருந்தால் 6-ம் 4-ம் மங்கலாகவே நின்றிருக்கும்.

ஃப்ரேம்களைப் பிரிக்கும்போது எண்ணிக்கையை மாற்றும் எதையும் சேர்க்காதீர்கள். நொடிக்கு 10 ஃப்ரேம் போதும் என்று குறைத்தால், நமக்கு வேண்டிய ஒன்பதாவது ஃப்ரேமே போய்விடும்:

```
mkdir -p f
ffmpeg -ss 12 -t 0.3 -i meter.mp4 -fps_mode passthrough f/%04d.png
```

சேர்ப்பது ஐந்தே வரி. சிவப்புத் திரைக்குச் சிவப்புச் சேனல் மட்டும் போதும். லேசாக மங்கலாக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அதிகபட்சம் எடுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமின் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்து பின்னணியைத் தூக்கிவிடும்.

```python
import cv2, glob, numpy as np
names = sorted(glob.glob("f/*.png"))
r = [cv2.GaussianBlur(cv2.imread(n)[:, :, 2], (5, 5), 0) for n in names]
out = np.max(r, axis=0)
cv2.imwrite("out.png", out)
```

கேமரா அசையாமல் இருந்தால்தான் இது வேலை செய்யும். கையில் பிடித்து எடுத்த வீடியோ என்றால் முதலில் ஃப்ரேம்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்த இலக்கங்களை அடையாளமாக எடுக்காதீர்கள், அவைதானே ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுகின்றன. மீட்டர் முகப்பில் அச்சடித்த எழுத்து, திருகு, திரையைச் சுற்றியுள்ள சட்டம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: எத்தனை ஃப்ரேம் சேர்த்தாலும் அதே இலக்கம் இருட்டாகவே இருக்கிறது

இரண்டு காரணம் உண்டு. முதலாவது எளிது. அந்த இடத்தில் உண்மையிலேயே எதுவும் எரியவில்லை. சில மீட்டர்கள் முன்னால் வரும் பூஜ்யங்களைக் காட்டுவதில்லை. நேரில் கண்ணால் பார்த்தாலோ, நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுத்தாலோ தெரிந்துவிடும்.

இரண்டாவதுதான் ஆளைச் சுற்றவிடும். திரையின் சுற்று வேகம் ஃப்ரேம் வேகத்தின் முழு மடங்காக அமைந்துவிட்டது. திரை நொடிக்கு 90 சுற்று, வீடியோ 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக மூன்று சுற்று கழித்து, அதே இடத்திலேயே விழுகிறது. முதல் ஃப்ரேமில் இருட்டாக இருந்த இலக்கம் நூறாவது ஃப்ரேமிலும் இருட்டுதான். மீட்டரின் கடிகாரமும் கேமராவின் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஓடாததால் அந்த இருட்டு மெல்ல மெல்ல நகரும், ஆனால் பத்து நொடி வீடியோவில் அது கண்ணுக்கே தெரியாது.

மறுபடி எடுக்கலாம் என்றால் ஃப்ரேம் வேகத்தை 25-க்கு மாற்றுங்கள். அப்போது ஃப்ரேமுக்கு 3.6 சுற்று, ஒவ்வொரு ஃப்ரேமும் வேறு இடத்தில் விழும். ஃப்ரேம் வேகத்தை மாற்றவிடாத கேமரா என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேல்வரியிலிருந்து கீழ்வரி வரை ஒவ்வொரு வரியாகப் படிக்கின்றன, இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள். மேல்வரியும் கீழ்வரியும் வேறு வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை. ஆகவே பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவை மெதுவாகச் சாய்த்து, மீட்டரைப் படத்தின் மேல்பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். போகப் போக வேறு வேறு இலக்கம் எரிவதைக் காணலாம். ஏற்கெனவே எடுத்த வீடியோவிலும் கை ஆடியிருந்தால் இதே காரணத்தால் சில ஃப்ரேமில் காணாத இலக்கம் கிடைத்துவிடும். அசையாமல் முக்காலியில் வைத்து எடுத்த வீடியோவில் அந்த இலக்கம் பதிவாகவே இல்லை, அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

## அறிகுறி: இலக்கம் பாதியில் வெட்டுப்படுகிறது, 8 என்பது 0 ஆகவோ 7 என்பது 1 ஆகவோ தெரிகிறது

இதுவும் ரோலிங் ஷட்டர் செய்யும் வேலை. இலக்கத்தின் மேல்பாதியைக் கேமரா படிக்கும்போது அது எரிந்தது, கீழ்பாதிக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. இருட்டான பட்டை ஒன்று திரையில் மெதுவாக ஊர்வதுபோல வீடியோவில் தெரிவதும் இதுதான். வெட்டுப்பட்ட இலக்கம் இன்னொரு முறையான இலக்கமாகத் தோன்றுவதுதான் இதில் ஆபத்து. 7-இல் மேல்கோடு போனால் 1, 8-இல் நடுக்கோடு போனால் 0.

மீட்டரை நெருங்கிப் பெரிதாக எடுத்தால் தெளிவாக வரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இந்த அறிகுறிக்கு அது நேர் எதிர். 1080 வரியைப் படிக்க ஒரு கேமரா 20 மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் 500 வரி உயரம் இருந்தால் அதன் தலையிலிருந்து கால் வரை படிக்க 9 மில்லிநொடிக்கு மேல் ஆகும். 2 மில்லிநொடியே எரியும் இலக்கத்தில் ஒரு துண்டுதான் ஒரு ஃப்ரேமில் கிடைக்கும். அதே இலக்கம் 60 வரி உயரம் என்றால் 1.1 மில்லிநொடியில் படித்துவிடலாம். ஏழு கோட்டைப் பிரித்தறிய 60 வரி தாராளம். ஆகவே பின்னால் தள்ளி நின்று எடுங்கள்.

எக்ஸ்போஷரைச் சுற்றின் முழு மடங்காக வைத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. எந்த வரியைப் பார்த்தாலும் அது முழுச் சுற்றுகளைப் பார்த்திருக்கும். ஃப்ரேம்களைச் சேர்ப்பவர்களுக்கும் துண்டுகள் ஒன்றுகூடி முழு இலக்கமாகிவிடும், ஆனால் ஒன்பதுக்கு மேல், இருபது முப்பது ஃப்ரேம் வேண்டியிருக்கலாம்.

## அறிகுறி: எக்ஸ்போஷரை நீட்டியதும் எல்லாம் 8 போல ஊதிப்போய்த் தெரிகிறது

வெளிச்சம் நிரம்பி வழிகிறது. கோடுகள் வெள்ளையாகி, பக்கத்து இடைவெளிகளையும் நிரப்பிவிட்டன. உடனே எக்ஸ்போஷரைக் குறைத்துவிடாதீர்கள், குறைத்தால் பழைய நோய் திரும்பும். கெயினை அல்லது ஐ.எஸ்.ஓவை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அதுவும் போதாதென்றால் லென்ஸ் முன்னால் இருண்ட வடிகட்டி ஒன்றை வையுங்கள், கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம்கூடப் போதும். சிவப்புத் திரைக்குச் சிவப்பு நிறத் தகடு இன்னும் நல்லது, அறை வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டு இலக்கத்தை மட்டும் விடும்.

சில திரைகளில் முந்தைய இலக்கத்தின் கோடு அடுத்த இலக்கத்திலும் லேசாக ஒளிரும். சிப் ஓர் இலக்கத்தை முழுதாக அணைப்பதற்குள் அடுத்ததை எரியவிடுவதால் வரும் நிழல் இது. ‘எரியாதது எரிவது அரிது’ என்று சொன்னேனே, அந்த அரிது இதுதான். உண்மையான கோட்டைவிட இது மிகவும் மங்கலாக இருப்பதால், எரிகிறதா இல்லையா என்று பிரிக்கும் பிரகாச எல்லையைச் சரியாக வைத்தால் விலகிவிடும்.

எல்லையைச் சரியாக வைப்பது என்றால், திரை முழுவதற்கும் ஒரே எண் கூடாது, ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனி எண் வேண்டும். இருட்டு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நல்ல இடம் 8-இன் இரண்டு ஓட்டைகள். எந்த எண் எரிந்தாலும் அந்த இரண்டு இடமும் இருட்டாகவே இருக்கும், அதே சமயம் கோடுகளுக்கு மிக அருகிலும் இருக்கின்றன. ஓட்டையின் அளவைக் கழித்துவிட்டு, அந்த இலக்கத்தின் மிகப் பிரகாசமான கோட்டில் பாதிக்கு மேல் இருப்பதை மட்டும் எரிகிறது என்று எடுங்கள்:

```python
T = {"1111110":"0", "0110000":"1", "1101101":"2", "1111001":"3",
     "0110011":"4", "1011011":"5", "1011111":"6", "1110000":"7",
     "1111111":"8", "1111011":"9"}

def digit(img, spots, holes):
    m = lambda p: img[p[1]-2:p[1]+3, p[0]-2:p[0]+3].mean()
    dark = max(m(h) for h in holes)
    v = [m(s) - dark for s in spots]
    if max(v) < 25: return " "
    return T.get("".join("1" if k > max(v)/2 else "0" for k in v), "?")
```

`spots` என்பது ஏழு கோடுகளின் நடுப்புள்ளிகள், `holes` என்பது அந்த இரண்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகள். கோடுகளின் வரிசை: மேல், வலது மேல், வலது கீழ், அடி, இடது கீழ், இடது மேல், நடு. உங்கள் மீட்டர் 6-ஐத் தொப்பி இல்லாமலோ 9-ஐ அடிக்கோடு இல்லாமலோ எழுதினால் பட்டியலை அதற்கேற்ப மாற்றுங்கள். இரண்டு வடிவத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். பட்டியலில் இல்லாத வடிவம் வந்தால் கேள்விக்குறி வரட்டும். அதை அருகில் உள்ள இலக்கமாக நினைத்து நிரப்பும் பழக்கம்தான் பின்னால் தவறான கணக்காக வந்து நிற்கும்.

## அறிகுறி: படம் தெளிவு, இலக்கம் தெளிவு, ஆனால் எண் தவறு

எனக்கு மிக அதிக நேரம் பிடித்தது இந்த ஒன்றுதான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஓரிரு தடவை மட்டும் அளவு மேலே போய்ப் பின்னால் வந்தது: 4738.6, அடுத்து 4738.8, அதற்கடுத்து 4738.7. மீட்டர் பின்னோக்கிப் போகாது. சேமித்து வைத்த படத்தைத் திறந்தால் 8 தெளிவாக எரிகிறது, எந்தக் குறையும் இல்லை.

காரணம் இதுதான். அந்த 0.3 நொடிக்குள் கடைசி இலக்கம் 6-இலிருந்து 7-க்கு மாறியிருக்கிறது. சில ஃப்ரேமில் 6, சில ஃப்ரேமில் 7. அதிகபட்சம் எடுத்துச் சேர்த்தால் இரண்டின் கோடுகளும் ஒன்றுகூடும். 6-இல் இல்லாத ஒரே கோடு வலது மேல், அதை 7 கொண்டுவந்து சேர்க்கிறது. கூட்டினால் முழுமையான 8.

அடுத்தடுத்த இலக்கங்கள் கலந்தால் என்ன வரும் என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். 1-ம் 2-ம் கலந்தாலும், 2-ம் 3-ம் கலந்தாலும் எந்த இலக்கமும் இல்லாத ஒரு வடிவம் வரும், கேள்விக்குறியாகி விலகிவிடும். 0-ம் 1-ம் கலந்தால் 0, 5-ம் 6-ம் கலந்தால் 6, 7-ம் 8-ம் அல்லது 8-ம் 9-ம் கலந்தால் 8. இவை பழைய எண்ணாகவோ புதிய எண்ணாகவோதான் இருக்கும், தீங்கில்லை. உண்மையில் இல்லாத எண்ணை உருவாக்குபவை நான்கு: 3-ம் 4-ம் சேர்ந்தால் 9, 4-ம் 5-ம் சேர்ந்தாலும் 9, 6-ம் 7-ம் சேர்ந்தால் 8, 9-ம் 0-ம் சேர்ந்தால் 8. அடிக்கோடு இல்லாத 9 எழுதும் மீட்டரில் முதல் இரண்டும் கேள்விக்குறியாகிவிடும், அதனால்தான் பட்டியலில் ஒரே வடிவத்தை வைக்கச் சொன்னேன்.

எண் குறைந்தால் தள்ளிவிடு என்ற விதி மட்டும் இங்கே போதாது. 4738.9 என்பது 4739.0 ஆகும் நேரத்தில் கலந்தால் 4738.8 வரும். அது முந்தையதைவிடக் குறைவு, விதி பிடித்துவிடும். 4738.6 என்பது 4738.8 ஆகத் தெரிந்தால் அது கூடியிருக்கிறது, விதி விட்டுவிடும். விட்டதோடு நிற்காது. அடுத்து வரும் உண்மையான 4738.7-ஐத்தான் தவறு என்று தள்ளும்.

தீர்வு, ஒரு தொகுப்பை நம்பாமல் அடுத்தடுத்த இரண்டு தொகுப்பை ஒப்பிடுவது. 0.3 நொடி, அடுத்த 0.3 நொடி என்று தனித்தனியாகச் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மாற்றம் நடந்த தொகுப்பில் 8 வந்தால் அதற்கு முன்னது 6, பின்னது 7. எதோடும் பொருந்தாது. அடுத்த இரண்டு தொகுப்பும் 7 என்று ஒத்துப்போகும்போது எண் கிடைத்துவிடும். கடைசி இலக்கம் நொடிக்கு ஒருமுறைக்கு மேல் மாறும் அளவுக்குப் பயன்பாடு இருந்தால் மட்டும் இது திணறும். அப்போது கடைசி இலக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் மற்ற ஐந்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

இதோடு ஓர் இயற்பியல் வரம்பும் வைக்கலாம். அந்த இணைப்பில் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 கிலோவாட்தான் இழுக்க முடியும் என்றால் ஐந்து நிமிடத்தில் 0.83 யூனிட்டுக்கு மேல் ஓடவே முடியாது. படித்த எண் ஐந்து யூனிட் தாண்டியிருந்தால் அது பிழை. நீர் மீட்டருக்கும் இதே கணக்குதான். நிலையான ஓட்டம் மணிக்கு 2.5 கன மீட்டர் என்று குறிக்கப்பட்ட மீட்டர் வழியாகப் பத்து நிமிடத்தில் அரைக் கன மீட்டருக்கு மேல் போயிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

## எல்.சி.டி திரை என்றால்

எல்.சி.டியில் கோடுகள் எல்.இ.டிபோல் மாறி மாறி அணைவதில்லை. திரவப் படிகம் மெதுவாகவே திரும்பும், அதனால் ஒரே ஃப்ரேமில் எல்லா இலக்கமும் இருக்கும். அப்படியும் வீடியோவில் மினுக்கினால் அது பின்விளக்கு அல்லது அறை விளக்கு. கேமராவை மூடிய அந்த முதல் சோதனையே எது என்று காட்டிவிடும். பட்டை அறை விளக்கால் வந்தால் எக்ஸ்போஷரை 50 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸ் இடங்களில் 1/60 அல்லது 1/120 என்று வையுங்கள். பின்விளக்கு துடித்தால் எக்ஸ்போஷரை நீட்டுங்கள்.

ஃப்ரேம்களைச் சேர்க்க வேண்டி வந்தால் இங்கே மீடியன் எடுங்கள், அதிகபட்சம் எடுக்கக் கூடாது. எல்.சி.டியில் எண் கறுப்பாக இருக்கும். ஒரே ஒரு ஃப்ரேமில் கண்ணாடியில் ஒளி பளிச்சிட்டாலும், அதிகபட்சம் எடுத்தால் அந்தக் கோடு அழிந்துவிடும்.

மின் மீட்டர்களின் எல்.சி.டியில் வரும் பெரிய குழப்பம் மினுக்கலால் வருவதில்லை, பக்கம் மாறுவதால் வருகிறது. சில நொடிக்கு ஒருமுறை யூனிட், தேதி, நேரம், வோல்ட் என்று திரை சுழலும். வோல்ட்டை யூனிட்டாகப் படித்துவிட்டு எங்கே பிழை என்று தேடுவது நடக்கிற கதைதான். எண்ணின் ஓரத்தில் இருக்கும் சின்ன அலகுக் குறியையோ பக்க எண்ணையோ முதலில் படியுங்கள், அது யூனிட்டுக்குரியது என்றால் மட்டும் இலக்கத்துக்குப் போங்கள். பக்கம் மாறிய உடனே வரும் அரை நொடி ஃப்ரேம்களை விட்டுவிடுங்கள், பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து நிற்கும். குளிரில் படிகம் இன்னும் மெதுவாகத் திரும்பும், அப்போது ஒரு முழு நொடியே விட வேண்டியிருக்கும்.

நீண்ட எக்ஸ்போஷரிலும், நேரில் கண்ணால் பார்த்தாலும், ஒரே கோடு எப்போதும் எரியாமல் இருந்தால் கோளாறு மீட்டரிலேயே இருக்கிறது. சில மீட்டர்கள் தொடங்கும்போதோ பொத்தானை அழுத்தும்போதோ எல்லா இடத்திலும் 8 காட்டும். அந்த நேரத்தில் பார்த்தால் எந்தக் கோடு செத்தது என்று தெரிந்துவிடும். சீல் வைத்த மீட்டரைத் திறக்க வேண்டாம், வழங்குபவரிடம் சொல்லி மாற்றுங்கள். அதுவரை அந்த இலக்கத்தின் பட்டியலில், கோடு செத்ததால் ஒரே மாதிரி ஆகிவிட்ட இலக்கங்களைக் கேள்விக்குறியாக மாற்றி வையுங்கள். நடுக்கோடு செத்த இலக்கத்தில் 0-ம் 8-ம் ஒன்றே, இடது கீழ்க்கோடு செத்ததில் 5-ம் 6-ம், 8-ம் 9-ம் ஒன்றே.